மேலே கேள்வி, கீழே பதில்

ஜாவாஸ்கிரிப்ட் திட்டம் எதையாவது திறந்தால் அதன் வேர்க் கோப்புறையில் yarn.lock என்றோ package-lock.json என்றோ ஒரு கோப்பு கிடக்கும். ஆயிரக்கணக்கான வரிகள். இயந்திரம் எழுதியது, இயந்திரம் படித்துக்கொள்ளும் என்று பெரும்பாலான டெவலப்பர்கள் அதைத் திறப்பதே இல்லை. கோட் ரிவ்யூவில் அது எதிர்ப்பட்டால் சுருக்கி வைத்துவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடுகிறார்கள். எனக்கோ அது திரும்பத் திரும்பப் படிக்கத் தூண்டும் எழுத்து. ஏன் என்று சொல்ல அதிலிருந்து இரண்டு வரிகள் போதும்.

```
ms@^2.1.1, ms@^2.1.3:
  version "2.1.3"
```

ms மிகச் சின்ன பேக்கேஜ். "2 days" என்று கொடுத்தால் அது எத்தனை மில்லி செகண்ட் என்று சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. திட்டத்தை எழுதியவர் அதைக் கேட்டிருக்கவே மாட்டார். அவர் கேட்டது வேறு எதையோ. அது debug என்ற பேக்கேஜைக் கேட்டது. Debug தன் பங்குக்கு ms-ஐக் கேட்டது. இப்படி வாசல் வழியாக ஒருவர் வர, அவர் பின்னால் நூறு பேர் வருவதுதான் இந்த உலகத்தின் வழக்கம்.

இப்போது வரிகளின் அமைப்பைக் கவனியுங்கள். மேல் வரி கேள்வி. கீழ் வரி பதில். ^2.1.1 என்றால் "2.1.1 அல்லது அதற்குப் பிந்தியது எதுவானாலும் சரி, ஆனால் 3-ஐத் தொடக்கூடாது" என்று பொருள். பழைய பயன்பாட்டை உடைக்கும் மாற்றம் வந்தால் முதல் எண்ணைக் கூட்டவேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட வழக்கு; அந்த நம்பிக்கையின் மேல்தான் ^ குறி நிற்கிறது. திட்டத்துக்குள் யாரோ ஒருவர் ^2.1.1 கேட்டிருக்கிறார், இன்னொருவர் ^2.1.3 கேட்டிருக்கிறார். இரண்டு கேள்விகளுக்கும் 2.1.3 என்ற ஒரே பதில் பொருந்தியது. ஆகவே இரண்டு கேள்விகளையும் ஒரே தலைப்பில் காற்புள்ளியிட்டுச் சேர்த்து, பதிலை ஒருமுறை மட்டும் எழுதியிருக்கிறது யார்ன். பதிலை மட்டும் குறித்திருந்தால் இது வெறும் பட்டியல். எந்தக் கேள்விக்கு அந்தப் பதில் என்பதையும் சேர்த்து எழுதியதால்தான் அடுத்த முறை கேள்வி மாறிவிட்டதா என்று அதனால் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. மாறாத கேள்விக்குப் பழைய பதிலே போதும். ரிஜிஸ்ட்ரியில் அதைவிடப் புதிய பதிப்பு வந்திருந்தாலும் அது சலனப்படாது. மாறிய கேள்விக்கு மட்டும் போய்ப் புதிதாகக் கேட்டுவரும்.

இதன் விளைவு ஒன்றை நிஜக் கோப்புகளில் அடிக்கடி பார்க்கலாம். ^2.1.1 என்ற கேள்விக்கு முன்பே 2.1.2 என்று பதில் எழுதியாயிற்று. பிறகு புதிதாகச் சேர்த்த ஒரு பேக்கேஜ் ^2.1.3 கேட்கிறது. அப்போது யார்னின் முதல் தலைமுறை பழைய பதிலைத் திருத்தாது. ms-க்கு இரண்டு தனித்தனிப் பத்திகள் எழுதும். திட்டத்துக்குள் இரண்டு ms இருக்கும். பார்க்க வீண் போலத் தோன்றும். ஆனால் ஏற்கெனவே சோதித்து ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை யாரும் கேட்காமல் நகர்த்துவதில்லை என்ற அதன் பிடிவாதம் அதில் தெரிகிறது. இடத்தை மிச்சம்பிடிப்பதைவிட அந்தப் பிடிவாதம் மதிப்புள்ளது என்று நினைக்கிறேன்.

கேள்வியே தளர்வாக இல்லாமல் எல்லோரும் package.json-இலேயே துல்லியமான எண்ணை எழுதிவிட்டால் லாக்ஃபைல் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படிச் செய்தால் ms-ஐக் கேட்கும் நூறு பேக்கேஜ்களும் நூறு விதமான எண்களைக் கேட்கும். ஒன்றோடொன்று பொருந்தாமல் பல பிரதிகள் வந்து குவியும். ms-இல் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்துப் புதுப் பதிப்பு வெளியிட்டால், அதைப் பெறுவதற்கு debug-ஐ எழுதியவர் தன் பேக்கேஜை மறுபடி வெளியிடவேண்டும். Debug-ஐப் பயன்படுத்துபவர் அவருக்குப் பின்னால் தன்னுடையதை வெளியிடவேண்டும். சங்கிலியில் ஒருவர் ஊரில் இல்லை என்றால் திருத்தம் அங்கேயே நின்றுபோகும். அதனால் நூலகம் எழுதுபவர் தளர்வாகக் கேட்பதே முறை. அதே சமயம், கடைசியில் இருந்து பயன்பாட்டை ஓட்டுபவருக்குத் தளர்வு ஆகாது; அவருக்கு இன்று சோதித்தது நாளையும் அதுவாகவே இருக்கவேண்டும். ஒரே கோப்பில் இரண்டையும் எழுத முடியாததால்தான் இரண்டு கோப்புகள். மருத்துவர் சீட்டில் மருந்தின் பெயரை மட்டும் எழுதுகிறார். எந்தக் கம்பெனி, எந்த பேட்ச் எண் என்பது கடைக்காரர் அட்டையை எடுத்துத் தரும் நேரத்தில்தான் முடிவாகிறது. நோயாளிக்கு ஒவ்வாமை வந்தால் தேடவேண்டியது அந்த பேட்ச் எண்ணை.

இந்த யோசனை ஜாவாஸ்கிரிப்டில் பிறந்ததில்லை. ரூபி மொழியின் பண்ட்லர் 2010-லேயே Gemfile.lock எழுதிக்கொண்டிருந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான யெஹுடா காட்ஸ் பிறகு ரஸ்ட் மொழிக்கு கார்கோவை வடிவமைத்தபோது Cargo.lock வந்தது, 2016 அக்டோபரில் யார்ன் வெளியானபோது அந்தக் கூட்டு முயற்சியிலும் அவர் இருந்தார். npm தன் package-lock.json-ஐத் தானாக எழுதத் தொடங்கியது 2017-இல், ஐந்தாம் பதிப்பில். ஒரு நல்ல யோசனை மொழி விட்டு மொழி தாவ ஏழு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

பதிலுக்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் வரும். அவற்றில்தான் நயம் மிகுதி. ஒன்று resolved: அந்த tgz கோப்பு எந்த முகவரியிலிருந்து வந்தது. மற்றொன்று integrity: sha512- என்று தொடங்கி, எழுத்தும் எண்ணுமாக நீண்டு, == என்று முடியும் ஒரு சரம். இறக்கிய கோப்பின் பைட்டுகள் எல்லாவற்றையும் SHA-512 என்ற கணக்கில் போட்டால் கிடைக்கும் 64 பைட் கைரேகை அது. அச்சிடக்கூடிய எழுத்துகளாக்கினால் 88 எழுத்து. கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் கைரேகை முழுதும் மாறிவிடும். பதிப்பு எண் என்பது வெளியிட்டவர் ஒட்டிய சீட்டு. அதே சீட்டை வேறொரு கோப்பின் மேலும் ஒட்டலாம். கைரேகை கோப்பிலிருந்தே பிறந்தது. யாரேனும் வழியில் கோப்பை மாற்றினாலோ, நிறுவனத்தின் உள் சர்வர் கெட்டுப்போன பிரதியைத் தந்தாலோ, கைரேகை பொருந்தவில்லை என்று நிறுவல் நின்றுவிடும்.

கைரேகைக்கு ஓர் எல்லை உண்டு. அது "அன்று வந்த அதே கோப்புதான் இது" என்று சொல்லும். அந்தக் கோப்பு நல்லதா என்று சொல்லாது. இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதை 2018-இல் நடந்த event-stream விவகாரத்தைப் போல வேறெதுவும் காட்டியதாகத் தெரியவில்லை. அதைத் தேதி தேதியாகப் பின்தொடர்வது பலன் தரும்.

event-stream வாரத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் இறக்கப்பட்டுக்கொண்டிருந்த பேக்கேஜ். அதை எழுதியவருக்கு அதில் ஆர்வம் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. உதவுகிறேன் என்று வந்த ஒருவரிடம் வெளியிடும் உரிமையைக் கொடுத்தார். புதியவர் 2018 செப்டம்பர் 9 அன்று 3.3.6 பதிப்பை வெளியிட்டார். அதில் flatmap-stream என்ற புது பேக்கேஜ் ஒன்றைக் கேட்டிருந்தார், கேள்வி ^0.1.0. அன்றைக்கு ரிஜிஸ்ட்ரியில் இருந்த பதில் 0.1.0, அதில் தீங்கு ஒன்றும் இல்லை. ஒரு வாரம் கழித்து அதே நபர் 4.0.0 வெளியிட்டார், அதில் flatmap-stream-ஐ எடுத்தாயிற்று. அக்டோபர் 5 அன்று flatmap-stream 0.1.1 வெளிவந்தது. அதன் சுருக்கப்பட்ட கோப்புக்குள் பூட்டிய நிரல் ஒன்று இருந்தது. கோபே என்ற பிட்காயின் பணப்பைச் செயலிக்குள் கட்டப்படும்போது மட்டும் அந்தப் பூட்டு திறக்கும், பணப்பைச் சாவிகளைத் திருடும். கிட்ஹப்பில் இருந்த மூல நிரலில் அது இல்லை. ரிஜிஸ்ட்ரிக்குப் போன tgz கோப்பில் மட்டுமே இருந்தது.

4.0.0 வெளியிட்டதன் தந்திரத்தைப் பாருங்கள். மூல நிரலை வந்து பார்ப்பவர் கண்ணில் படுவது கடைசிப் பதிப்பு. அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அன்று பரவலாகப் பயன்பட்ட ps-tree என்ற பேக்கேஜ் கேட்டது ~3.3.0, அதாவது 3.3-இல் தொடங்கும் எதுவும் சரி, 3.4 வேண்டாம் என்று. அந்தக் கேள்விக்கு உயர்ந்த பதில் அப்போதும் 3.3.6தான். அதற்குள்ளிருந்து ^0.1.0 என்ற கேள்வி கிளம்பும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்களுக்கு ^ குறி இன்னும் குறுகலானது; 0.2.0-க்குக் கீழே மட்டும் அனுமதிக்கும். 0.1.1 அந்தக் குறுகலுக்குள் அழகாக உட்காருகிறது. தாக்கியவர் எதையும் உடைக்கவில்லை. எல்லோரும் நம்பி எழுதிவைத்த கேள்விகளுக்கு விதிப்படி பொருந்தும் பதிலைத் தயாரித்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

இப்போது ps-tree-ஐ வழியில் எங்கோ சேர்த்திருந்த மூன்று குழுக்களை எடுத்துக்கொள்வோம். மூன்று பேரின் package.json-உம் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. முதல் குழு அந்த ஆண்டு ஜூலையில் லாக்ஃபைல் எழுதி, பிறகு அதைத் தொடவில்லை. அதில் event-stream 3.3.4 இருக்கும்; flatmap-stream என்ற பெயரே இருக்காது. இரண்டாம் குழு செப்டம்பர் நடுவில் எழுதியது. அதன் கோப்பில் flatmap-stream உண்டு, ஆனால் பதில் 0.1.0. அக்டோபர் 5-க்குப் பிறகு அவர்கள் நூறு முறை நிறுவியிருந்தாலும் 0.1.0தான் வந்திருக்கும். மூன்றாம் குழு அக்டோபர் நடுவில் புதிதாக எழுதியது, அல்லது பழையதை அழித்துவிட்டு மறுபடி எழுதியது. அவர்கள் கோப்பில் இப்படி ஒரு பத்தி:

```
flatmap-stream@^0.1.0:
  version "0.1.1"
```

இதே கேள்விக்கு இரண்டாம் குழுவிடம் இருப்பது "0.1.0". வேறுபாடு ஒரே ஓர் எண். லாக்ஃபைல் இல்லாமல் ஓட்டியவர்களோ, ஒவ்வொரு நிறுவலிலும் அன்றன்றைய பதிலைக் கேட்டு, அக்டோபர் 5 முதல் எல்லோரும் மூன்றாம் குழுவில் சேர்ந்திருப்பார்கள், தங்களுக்கு என்ன மாறியது என்று காட்ட ஒரு வரிகூட இல்லாமல்.

மூன்றாம் குழுவின் லாக்ஃபைல் அந்தத் தீங்கை அதே விசுவாசத்தோடு காப்பாற்றியது. கைரேகை பொருந்தியது; ஒவ்வொரு மெஷினிலும் ஒரே நச்சுக் கோப்பு பிசகாமல் வந்து இறங்கியது. நவம்பர் 20 அன்று ஒருவர் இதைக் கண்டுபிடித்துப் பகிரங்கமாக எழுதினார். 26 அன்று npm விவரமறிந்து அந்தப் பதிப்புகளை ரிஜிஸ்ட்ரியிலிருந்து நீக்கியது. நீக்கிய பிறகு, லாக்ஃபைலில் அந்தப் பெயர்களை வைத்திருந்தவர்களின் நிறுவல் 404 என்று நின்றது. லாக்ஃபைல் முகவரியையும் கைரேகையையும்தான் வைத்திருக்கிறது. பொருள் அதனிடம் இல்லை. ரிஜிஸ்ட்ரி பொருளை எடுத்துவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய இயலாது. ஆனால் பாதிக்கப்பட்டோமா என்று அறிய விரும்பியவர்களுக்கு அதே கோப்புதான் கைகொடுத்தது. கிட் வரலாற்றில் flatmap-stream என்று தேடினால் எந்தத் தேதியில் அந்த வரி நுழைந்தது, எந்த எண்ணோடு நுழைந்தது, அன்று யார் எதைச் சேர்த்தபோது வந்தது என்று எல்லாம் தெரிந்துவிடும். கோப்பே இல்லாதவர்களுக்கு அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் அதற்குப் பிறகு வருகிறது. ps-tree-ஐப் பராமரித்தவர்கள் தங்கள் லாக்ஃபைலில் 3.3.4 என்று மாற்றியிருந்தால் போதாதா? போதாது. ஒரு நூலகத்தின் லாக்ஃபைல் அதை எழுதுபவர் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். நூலகத்தை வெளியிடும்போது package-lock.json அதோடு போவதில்லை, yarn.lock போனாலும் எடுத்துக்கொள்பவரின் பேக்கேஜ் மேனேஜர் அதைப் படிப்பதில்லை. அவர் திட்டத்தின் பதில்களை அவர் திட்டம் மட்டுமே தீர்மானிக்கும். ஆகவே ps-tree கேள்வியையே மாற்றவேண்டி வந்தது. தளர்வான ~3.3.0 போய், துல்லியமான =3.3.4 வந்தது. இன்றைக்கும் பல பழைய திட்டங்களின் yarn.lock-ஐத் திறந்தால் இந்த வரியைப் பார்க்கலாம்:

```
event-stream@=3.3.4:
  version "3.3.4"
```

அக்கம்பக்கத்துக் கேள்விகளெல்லாம் ^ குறியோடு இருக்க, இது மட்டும் சமக்குறியோடு நிற்கும். நூலகம் எழுதுபவர் தளர்வாகக் கேட்பதே முறை என்ற விதியை ஒரு நூலகம் தெரிந்தே மீறிய இடம் அது. ஏன் மீறியது என்ற வரலாறு அந்த ஒரு குறியில் இருக்கிறது.

பதில்களைப் பூட்டினால் மட்டும் போதாது. அவற்றையே பயன்படுத்தச் சொல்லவும் வேண்டும். சாதாரண npm install கேள்விக்கும் பதிலுக்கும் பொருத்தம் இல்லையென்றால் லாக்ஃபைலைத் தானே திருத்திவிட்டு மேலே போய்விடும். மேசையில் உட்கார்ந்து எழுதும்போது அது வசதி. சர்வரில் கட்டும்போது அது ஆபத்து. அங்கே ஓடவேண்டியது npm ci. யார்னின் முதல் தலைமுறையில் yarn install --frozen-lockfile. இவை லாக்ஃபைலில் ஓர் எழுத்தையும் மாற்றா. package.json-உடன் அது ஒத்துப்போகவில்லையென்றால் பிழை சொல்லி நின்றுவிடும். npm ci இன்னும் ஒரு படி மேலே போய், இருக்கும் node_modules-ஐ முழுக்க அழித்துவிட்டு லாக்ஃபைலில் உள்ளதை மட்டும் புதிதாக அடுக்கும். பழைய நிறுவல் விட்டுப்போன மிச்சம் எதன் மேலும் நம் நிரல் தெரியாமல் சாய்ந்துகொண்டிருக்க அதில் வழியில்லை.

சரி, பதிலை எப்போது மாற்றுவது? பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டால் உடனே. ஆனால் அந்த ஒரு பேக்கேஜை மட்டும். முதலில் அது உள்ளே எந்த வழியாக வந்திருக்கிறது என்று npm explain ms அல்லது yarn why ms கேட்டால் சங்கிலி முழுதும் தெரியும். பிறகு npm update ms. கேள்வி அனுமதிக்கும் எல்லைக்குள் உயர்ந்த பதிலுக்கு அது நகரும், மற்றவை அப்படியே இருக்கும். இந்த இடத்தில் பலர் செய்வது, லாக்ஃபைலை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது. பிரச்சினை தீர்ந்தது போலத்தான் இருக்கும். உண்மையில் ஒரு பதிலை மாற்றப் போய், சில நூறு பதில்களை அந்த நிமிடத்து ரிஜிஸ்ட்ரியிடம் விட்டுவிட்டோம். மூன்றாம் குழு இப்படியும் உருவாகியிருக்கலாம். இரண்டு கிளைகளை இணைக்கும்போது லாக்ஃபைலில் மோதல் வந்தாலும் இதே சபலம் எழும். அப்போதும் கோப்பை அழிக்கத் தேவையில்லை, package.json-இல் மோதல் இருந்தால் அதைக் கையால் தீர்த்துவிட்டு npm install ஓட்டினால், லாக்ஃபைல் மோதலை npm தானே படித்து இரு பக்கத்துப் பதில்களையும் சேர்த்துக்கொள்ளும்.

அவசரம் இல்லாத புதுப்பித்தலைச் சின்னச் சின்னதாக, வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ, தனி கமிட்டாகச் செய்வது நல்லது. தனி கமிட் என்பது சடங்கு இல்லை. அப்போதுதான் வித்தியாசத்தைப் படிக்க முடியும். படிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. version வரி மாறியிருப்பது எதிர்பார்த்தது; அதன் மேல் கண் ஓடட்டும். முன்பு இல்லாத ஒரு பெயர் புதுப் பத்தியாக முளைத்திருந்தால் அங்கே நிற்கவேண்டும். 3.3.4-லிருந்து 3.3.6-க்குப் போனது மூன்றாம் எண்ணில் மட்டும் மாற்றம். சின்னப் பிழைத்திருத்தம் என்று அந்த எண் சொல்கிறது. பிழைத்திருத்தத்துக்கு ஏன் புது பேக்கேஜ் ஒன்று தேவைப்பட்டது என்ற கேள்வி, அந்த செப்டம்பரில் லாக்ஃபைலைப் படித்த எவருக்கும் எழுந்திருக்கக்கூடியது. resolved வரியில் வழக்கமான ரிஜிஸ்ட்ரியை விட்டு வேறு முகவரி தெரிந்தால், அது நிறுவனத்தின் சொந்த சர்வர்தானா என்று பார்க்கவேண்டும். version மாறாமல் integrity மட்டும் வேறொரு கைரேகையாகியிருந்தால் மேலே போகவே கூடாது. அதே சீட்டு வேறு கோப்பின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. பழைய sha1 குறிப்பு sha512 ஆக உயர்ந்திருந்தால் மட்டும் அது விதிவிலக்கு.

எவ்வளவு புதியதை எடுப்பது என்பதிலும் நிதானம் வேண்டும். 2025 செப்டம்பர் 8 அன்று chalk, debug உள்ளிட்ட பல பேக்கேஜ்களின் பராமரிப்பாளர் ஒருவரிடமிருந்து போலி மின்னஞ்சல் மூலம் கணக்கைப் பறித்து, தீய பதிப்புகளை ஏற்றினார்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் விஷயம் வெளிப்பட்டு அவற்றை அகற்றத் தொடங்கிவிட்டார்கள். அந்த இடைவெளியில் npm ci ஓட்டியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நேரத்தில் ஆர்வமாகப் புதுப்பித்தவர்களுக்கு ஆனது. அதே மாதம் pnpm தன் 10.16 பதிப்பில் ஓர் அமைப்பைச் சேர்த்தது. வெளியாகி இத்தனை நிமிடம் ஆகாத எந்தப் பதிப்பையும் பதிலாக ஏற்காதே என்று அதனிடம் சொல்லலாம்:

```yaml
minimumReleaseAge: 10080
```

10080 நிமிடம் என்பது ஒரு வாரம். இரண்டு மணி நேரத்தில் பிடிபடும் தீங்குக்கு இது நல்ல அரண். flatmap-stream போல ஆறு வாரத்துக்கு மேல் யாருக்கும் தெரியாமல் கிடந்ததற்கு இது உதவாது. அங்கே கண் கொண்டு படிப்பதுதான் வழி. பாதுகாப்புத் திருத்தத்துக்கு ஒரு வாரம் காத்திருக்கவும் கூடாது. அந்த பேக்கேஜை மட்டும் விலக்காகக் குறிப்பிட்டு உடனே எடுக்கவேண்டும்.

இவ்வளவையும் கேட்டு, அப்படியானால் லாக்ஃபைலைத் தொடாமலே வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்று முடிவுகட்டுபவர்களுக்கு ரஸ்ட் மொழியில் நடந்த ஒன்றைக் காட்டவேண்டும். 2024 ஜூலையில் ரஸ்ட் 1.80 வந்தது. கம்பைலரைப் புதுப்பித்தவர்களில் பலரின் திட்டங்கள், அவர்கள் ஒரு வரியும் மாற்றாத நிலையில், கட்ட மறுத்தன.

```
error[E0282]: type annotations needed for `Box<_>`
```

பிழை அவர்கள் நிரலில் இல்லை; time என்ற நூலகத்துக்குள் இருந்தது. அங்கே ஓரிடத்தில் Box<_> என்று எழுதி, அடிக்கோட்டுக்கு என்ன வகை என்பதைக் கம்பைலரே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். அதுவரை பொருந்தக்கூடிய வகை ஒன்றே ஒன்று இருந்ததால் ஊகம் தடையின்றி நடந்தது. 1.80-இன் நிலையான நூலகத்தில் Box<str>-க்கும் அதே வசதியைச் சேர்த்தார்கள். இப்போது பொருந்துபவை ஒன்றுக்கு மேல். எதை எடுப்பது என்று கம்பைலர் கேட்கிறது. time-ஐப் பராமரிப்பவர்கள் 1.80 வெளியாவதற்கு முன்பே 0.3.35-இல் இதைத் திருத்திவிட்டார்கள். லாக்ஃபைலை அவ்வப்போது நகர்த்தியவர்களுக்கும், லாக்ஃபைலே வைத்துக்கொள்ளாதவர்களுக்கும் எதுவும் தெரியவில்லை. பழைய time எண்ணை Cargo.lock-இல் இறுக்கிப் பூட்டி, அதைத் தொடாமல் இருந்தவர்கள் மட்டும் நின்றார்கள்.

event-stream கதையின் நேர் எதிர்ப்பக்கம் இது. அங்கே பழைய பதில் காத்தது. இங்கே பழைய பதில் உடைந்தது. காரணம், லாக்ஃபைல் தனக்குத் தெரிந்த உலகத்தை மட்டுமே பூட்டுகிறது. Cargo.lock-க்கு நூலகங்கள் தெரியும், கம்பைலர் தெரியாது. package-lock.json-க்கு பேக்கேஜ்கள் தெரியும். நோட் எந்தப் பதிப்பு, லினக்ஸில் எந்த நூலகம் என்பது தெரியாது. அந்த வெளி உலகம் நகரும்போது உள்ளே இருப்பவை நகராமல் நின்றால் இடைவெளி விழுகிறது. ரஸ்டில் கம்பைலரையும் rust-toolchain.toml என்ற கோப்பில் எழுதிப் பூட்டலாம், செய்வது நல்லது. ஆனால் என்றாவது ஒருநாள் அதையும் நகர்த்தித்தான் ஆகவேண்டும்.

நகர்த்தும்போது வரிசை முக்கியம். பழைய கம்பைலரிலேயே இருந்துகொண்டு, cargo update -p time --precise 0.3.35 என்று முதலில் நூலகத்தை நகர்த்திச் சோதனைகளை ஓட்டி, அதை ஒரு கமிட்டாக வைக்கவேண்டும். அடுத்த கமிட்டில் கம்பைலரை மட்டும் மாற்றவேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றி ஏதாவது உடைந்தால், உடைத்தது எது என்று சொல்ல Cargo.lock-ஆல் முடியாது; அதற்குத் தெரிந்த பாதி மாற்றம் மட்டுமே அதில் பதிவாகியிருக்கும்.